ஹார்ன் வரியில் எழுதிய ஸட்ஜம்

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியினுடைய முழு ஸ்கோரை முதன்முதலாக வாங்கி மேஜைமேல் விரித்து, உலகமெல்லாம் அறிந்த அந்த நான்கு ஸ்வரங்களைக் கண்ணால் காணவேண்டுமென்ற ஆவலோடு முதல் பக்கத்தில் விரலை வைத்த அன்று, பக்கத்தின் கீழ்ப்பகுதியில் வயலின்கள் ஜி, ஜி, ஜி, ஈ பிளாட் என்று வாசிக்க, மேலே கிளாரினெட்டுகளுக்கு மட்டும் ஏ, ஏ, ஏ, எஃப் என்று அச்சாகியிருப்பதைக் கண்டு, அதை அச்சுப்பிழை என்றே நிச்சயித்து ஓரத்தில் பென்ஸிலால் குறித்துவைத்தேன். இரண்டு வாத்தியங்களும் சேர்ந்து ஒலிப்பது ஒரே ஸ்வரம் என்பதும், எழுத்தில் உள்ள வித்தியாசம் பிழையன்று, கிளாரினெட்டின் சரீரத்தைப் பற்றிய ஒரு செய்தி என்பதும் விளங்குவதற்கு எனக்கு வெகு நாளாயிற்று. இப்போது ஸ்கோர் படிக்கத் தொடங்கும் மாணவருக்கு அந்தத் தாமதம் வேண்டியதில்லை. அந்த முதல் பக்கமே அவருக்குப் போதுமான ஆசிரியர்.

பக்கத்தின் அமைப்பை முதலில் பார்ப்போம். மேலிருந்து கீழாக வரும் வரிசை ஸ்வரத்தின் உயரத்தைப் பொறுத்ததன்று, குடும்பத்தைப் பொறுத்தது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பாஸூன் ஆகிய மரவாத்தியங்கள் உச்சியிலும், அவற்றுக்குக் கீழே ஹார்னும் டிரம்பெட்டும், அதன்கீழ் டிம்பனி முரசுகளும், அடியில் முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்ற தந்தி வாத்தியங்களும் அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் ஏறத்தாழ உயர்ந்தது மேலே, தாழ்ந்தது கீழே. ஆகவே பக்கத்தின் நடுவிலுள்ள பாஸூன் தன் கீழ்வரியிலுள்ள ஹார்னைக் காட்டிலும் தாழ்ந்து ஒலிப்பதில் ஆச்சரியமில்லை. செல்லோவும் டபுள் பேஸும் ஒரே எழுத்தை வாசிக்கும் இடங்களில் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பதை மாத்திரம் நினைவில் கொண்டால், அடிப்பகுதியைக் கண் எளிதில் கடந்துவிடும். ஆரம்பத்தில் புல்லாங்குழலும் ஓபோவும் மௌனம். கிளாரினெட்டும் தந்திகளும் மட்டுமே வாசிக்கின்றன. இப்படிப் பல வாத்தியங்கள் ஒரே ஸ்வரத்தை வாசிக்கும் இடத்தைத்தான் மாணவர் முதலில் தேடவேண்டும். உரைகல்லைப் போல, எந்த வரி எவ்வளவு விலகி எழுதப்பட்டிருக்கிறது என்பதை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த இயக்கம் ஸி மைனரில் அமைந்தது. எனவே தந்திகளின் வரித் தொடக்கத்தில் மூன்று பிளாட் குறிகள் நிற்கின்றன. கிளாரினெட் வரியிலோ ஒன்றே ஒன்று. ஹார்னுக்கும் டிரம்பெட்டுக்கும் அதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்வதில் மேனாட்டு மாணவனைக் காட்டிலும் நம் மாணவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஸட்ஜம் என்பது ஓரிடத்தில் ஆணியடித்து வைத்த ஸ்வரமன்று, பாடுகிறவரின் கட்டையைப் பொறுத்து நகர்வது என்பதை அவர் சிறுவயது முதலே அறிவார். ஸி என்று எழுதியதை பி பிளாட் கிளாரினெட்டில் வாசித்தால் பி பிளாட் ஒலிக்கிறது. நம் வழக்கில் சொன்னால், அதன் ஸட்ஜம் ஆறரைக் கட்டை. ஈ பிளாட் ஹார்னுக்கு ஸட்ஜம் இரண்டரைக் கட்டை. ஸி டிரம்பெட்டுக்கு ஒரு கட்டை, ஆகையால் அதில் எழுத்தும் ஒலியும் ஒன்றே. வாத்தியத்தின் பெயருக்குப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் அந்தச் சிறிய எழுத்து, அது எந்தக் கட்டையில் நிற்கிறது என்று சொல்லும் அறிவிப்பேயன்றி வேறில்லை.

கிளாரினெட் வரியைப் படிக்கும் முறை இதிலிருந்து தானே கிடைக்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் ஒரு படி இறக்கி, அச்சிலுள்ள ஒற்றைப் பிளாட்டை மறந்து, தந்திகளுக்குரிய மூன்று பிளாட்டுகளை மனத்தில் நிறுத்திக்கொண்டால், ஏ என்பது ஜி ஆகும், எஃப் என்பது ஈ பிளாட் ஆகும். மாணவர் இடறும் இடம் அதற்கு அடுத்தது. ஸி மைனரில் பி என்ற ஸ்வரம் பல இடங்களில் பிளாட் நீங்கி அரைப்படி உயர்ந்து வருகிறது. தந்திகளுக்கு அதை நேச்சுரல் குறியிட்டு எழுதுகிறார்கள், கிளாரினெட்டுக்கோ அதே ஸ்வரம் ஸி ஷார்ப் என்று வரும். ஸியை ஒரு படி இறக்கி பி என்று கண்டவர், ஷார்ப் குறியை அப்படியே ஒட்டவைத்து பி ஷார்ப் என்று படித்துவிட்டால் சுருதியே கலைந்துபோகும். அந்தக் குறியை ஷார்ப் என்று கொள்ளாமல், 'அரைப்படி உயர்த்து' என்ற கட்டளையாக மாத்திரம் கொள்ளவேண்டும். மனத்திலுள்ள சிக்னேச்சரில் பி பிளாட்டாக இருப்பதால், அரைப்படி உயர்ந்தால் அது வெறும் பி. ஸி, டி என்று தொடங்கும் ஒரு சிறு தொடரை இரண்டு வரிகளிலும் ஒப்பிட்டுப் பார்த்தால், தாம் சரியாகப் படித்தோமா என்பது காதுக்கு முன்பாகக் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஹார்னுக்கு வருவோம், சொல்லவேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. 59-ஆம் பாரில், மற்ற வாத்தியங்கள் ஓய்ந்த நொடியில், இரண்டாவது கருத்தை அறிவிக்கும் பொருட்டு ஹார்ன்கள் தனித்து ஓங்கி முழங்குகின்றன. அவர்களுக்கு எழுதியிருப்பது ஜி, ஜி, ஜி, ஸி, டி, ஜி. ஒலிப்பதோ பி பிளாட் மும்முறை, ஈ பிளாட், எஃப், மீண்டும் பி பிளாட். எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே ஒரு பெரிய ஆறாம் இடைவெளி இறக்கம். இதை ஒவ்வொரு ஸ்வரமாக எண்ணி இறக்குவது அலுப்பான வேலையாதலால், பழைய ஆசிரியர்கள் ஒரு சுருக்கு வழி சொல்லித்தருவார்கள்: வரியின் முகப்பில் டிரெபிள் கிளெஃப் இருப்பதை மறந்து, பேஸ் கிளெஃப் இருப்பதாகவும் மூன்று பிளாட்டுகள் இருப்பதாகவும் பாவித்துக்கொண்டால், ஜி இருந்த இடத்தில் பி பிளாட்டும், ஸி இருந்த இடத்தில் ஈ பிளாட்டும், டி இருந்த இடத்தில் எஃப்பும் தாமாகவே வந்து நிற்கும். ஸ்தாயி மட்டும் ஒன்று மேலே என்று திருத்திக்கொண்டால் போதும்.

ஆனால் இந்தச் சுருக்கு வழியோடு திருப்தியடைந்துவிடுகிறவர் ஹார்ன் வரி சொல்லும் செய்தியில் பாதியைத் தவறவிடுகிறார். எழுத்தை எழுத்தாகவே, நம் ஸ்வரங்களில் பாடிப் பாருங்கள்: ப, ப, ப, ஸ, ரி, ப. இந்த சிம்பொனி 1808-ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று வியன்னாவில் அரங்கேறியபோது ஹார்னுக்கு வால்வுகள் கிடையா. சுருண்ட பித்தளைக் குழாய் ஒன்றில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும், குழாயின் நீளம் இயற்கையாகத் தரும் ஸ்வரங்களை மட்டுமே தெளிவாக எழுப்பமுடியும். கீழ்ப்பகுதியில் அவை ஸ, ப, மேல் ஸ, க, ப என்று இடைவெளி விட்டு நிற்கும். பஞ்சமத்துக்கும் அடுத்த ஸட்ஜத்துக்கும் நடுவே கைசிகி நிஷாதத்தினும் சற்று இறங்கிய ஒரே ஒரு ஸ்வரம் உண்டு. அதற்கு மேலே போனால்தான் ஸ, ரி, க என்று நெருங்கி வரும். 59-ஆம் பாரின் அழைப்பு முழுவதும் இந்த இயற்கை ஸ்வரங்களாலேயே கட்டப்பட்டது. ஆகையால்தான் அது அவ்வளவு தடையின்றி, திறந்த குரலில் முழங்குகிறது.

இனி 303-ஆம் பாருக்குப் பக்கத்தைத் திருப்பவேண்டும். அதே அழைப்பு திரும்பி வருகிறது. ஆனால் இம்முறை ஸி மேஜரில், அதாவது ஜி, ஜி, ஜி, ஸி, டி, ஜி என்று ஒலிக்கவேண்டும். அதை முழக்குவோர் ஹார்ன்கள் அல்லர், பாஸூன்கள். ஏன் என்ற கேள்விக்கு விடையை ஸ்கோரிலிருந்தே பெறலாம். ஒலிக்கவேண்டிய ஸ்வரங்களை ஈ பிளாட் ஹார்னின் எழுத்துக்கு மாற்றி எழுதிப் பார்த்தால் ஈ, ஈ, ஈ, ஏ, பி, ஈ என்று வரும். நம் ஸ்வரங்களில் க, க, க, த, நி, க. பஞ்சமத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் நடுவிலுள்ள அந்தச் சதுஸ்ருதி தைவதமும் காகலி நிஷாதமும் குழாயின் இயற்கையிலேயே இல்லை. கையை மணிவாயில் செருகி அடைத்து எழுப்பினால் மங்கிய, மூக்கொலி கலந்த ஸ்வரம் வரும். முழக்கத்துக்கு அது உதவாது. வளைகுழாயைக் கழற்றி ஸி சுருதிக்குரியதை மாட்டிக்கொள்ள, ஓடிக்கொண்டிருக்கும் இசை அவகாசம் தருவதில்லை. பாஸூனின் நிறத்தையே பீத்தோவன் விரும்பியிருக்கலாம் என்று வாதிப்போரும் உண்டு. வால்வு ஹார்ன் வந்தபின் நடத்துனர் பலர் இவ்விடத்தை ஹார்னுக்கே மாற்றிக் கொடுத்தார்கள். பாஸூனிலேயே விட்டுவைப்போரும் இருக்கிறார்கள்.

என் கவலை இனிமேல்தான். இன்று மாணவர் கையிலுள்ள கணினியில் முழு ஸ்கோரையும் ஒரே சொடுக்கில் ஒலிக்கும் சுருதிக்கு மாற்றிவிடும் வசதி இருக்கிறது. கிளாரினெட்டும் ஹார்னும் தந்திகளைப் போலவே எழுதப்பட்டுத் தோன்றுகின்றன. இருபதாம் நூற்றாண்டில் புரோகோஃபியேவ் போன்றோர் தம் ஸ்கோர்களை இவ்விதமே எழுதினார்கள் என்பதும், நெருக்கமான புதிய இசையில் ஒரு கோர்வையைச் சட்டென்று கண்டறிய இது பயன்படும் என்பதும் மெய்தான். ஆயினும் பீத்தோவனை அப்படிப் படிக்கும் மாணவர் 59-ஆம் பாரில் பி பிளாட், ஈ பிளாட், எஃப் என்று ஹார்ன் வரியில் காண்பார்; 303-இல் ஜி, ஸி, டி என்று பாஸூன் வரியில் காண்பார்; இரண்டும் அவருக்குச் சம எளிமையுள்ள ஸ்வரங்களாகத் தோன்றும். ஒன்று குழாயிலேயே பிறந்தது, மற்றொன்று குழாய்க்கு எட்டாதது என்ற பேதம் பக்கத்தை விட்டே மறைந்துபோகிறது. எழுத்தை மாற்றியதால் ஒலி கெடவில்லை, வாத்தியம் மறைந்துவிடுகிறது. ஸ்வரங்கள் மட்டும் மிஞ்சிய ஸ்கோரைப் பார்த்து வாத்திய அமைப்பைக் கற்கும் ஒரு தலைமுறை உருவாகி வருவதை நினைக்கும்போது மனம் சஞ்சலப்படுகிறது.

நடைமுறைச் சங்கடமும் உண்டு. நடத்துபவரின் ஏட்டில் ஜி என்று இருக்க, கிளாரினெட் வாசிப்பவரின் தனித்தாளில் ஏ என்று இருக்கும். ஒத்திகையில் 'அந்த ஜி சற்று தாழ்கிறது' என்றால் அவர் தம் தாளில் உள்ள வேறொரு ஜியைத் தேடுவார். எழுத்தா ஒலியா, எதைக் குறிப்பிடுகிறோம் என்பதைச் சொல்லித் தீர்ப்பதிலேயே நிமிஷங்கள் கழியும்.

ஒவ்வோர் இயக்கத்தின் தொடக்கத்திலும் வாத்தியத்தின் பெயரருகே உள்ள எழுத்தை மறுபடி பார்க்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதே சிம்பொனியின் நான்காம் இயக்கத்தில் ஹார்னும் கிளாரினெட்டும் ஸியில் எழுதப்பட்டிருக்கின்றன. முதல் இயக்கத்தின் பழக்கத்தில் கிளாரினெட்டை ஒரு படி இறக்கிப் படிப்பவர் முதல் கோர்வையிலேயே பிழைபடுவார். ஹார்ன் அங்கே ஒரு ஸ்தாயி மட்டும் கீழே ஒலிக்கும்.

மாற்றப்படாத ஸ்கோர் ஒன்றையும் ஒரு பென்ஸிலையும் எடுத்துக்கொண்டு மாணவர் 303-ஆம் பாரைத் திறக்கட்டும். ஹார்ன் வரியின் ஓரத்தில் ஈ, ஈ, ஈ, ஏ, பி, ஈ என்று சிறிதாக எழுதி, குழாய்க்கு எட்டாத ஏயையும் பியையும் தம் கையாலேயே அடித்துவிட்டு, உடனே அதற்கு ஒரு வரி மேலே பார்க்கட்டும். பாஸூன் அங்கே வாசித்துக்கொண்டிருக்கும்.