ஓட்டக்கூடாத பம்பு: ஷிப்ட் மாற்றக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

எண்ணெய்க் கிணற்று மேடை, சுத்திகரிப்பு ஆலை, ரசாயனத் தொழிற்சாலை என்று இரவும் பகலும் ஓடும் எந்த இடத்திலும் ஒரு ஷிப்ட் முடியும்போது, வெளியேறும் சூப்பர்வைசர் உள்ளே வருபவருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கிறார். பெரும்பாலும் ஒரு பக்கம்தான். எந்தெந்த வேலைக்கான பர்மிட் இன்னும் மூடப்படவில்லை, எந்தக் கருவி பழுது, எங்கே கவனம் தேவை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு வரி விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு, வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் வடகிழக்கே, கடலுக்கு நடுவே நின்றிருந்த மேடை அது. ஆக்சிடென்டல் நிறுவனம் அதை நடத்தியது. எரிவாயுவிலிருந்து பிரியும் கண்டென்சேட் என்ற எளிதில் ஆவியாகும் திரவத்தை எண்ணெய்க் குழாய்க்குள் தள்ளுவதற்கு அங்கே ஏ, பி என்று இரண்டு பம்புகள் இருந்தன. ஒன்று ஓடும், மற்றது மாற்றாக நிற்கும்.

1988 ஜூலை 6 அன்று பகல் ஷிப்டில் ஏ பம்பைப் பெரிய பராமரிப்புக்காக நிறுத்தினார்கள். மின்சாரத்தைத் துண்டித்து வால்வுகளை மூடியாயிற்று. பம்பைப் பிரிக்கும் வேலை மட்டும் தொடங்கவில்லை. இதற்கு ஒரு பர்மிட். அதே பம்பின் குழாயில் அழுத்தம் மிகுந்தால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வு ஒன்று உண்டு. அதைச் சோதித்துச் சான்று பெறுவதற்காக ஒப்பந்தப் பணியாளர்கள் கழற்றியிருந்தார்கள். இதற்கு வேறொரு பர்மிட். வால்வைச் சோதித்தாயிற்று, ஆனால் கிரேன் கிடைக்காததால் அன்று மாலைக்குள் திரும்பப் பூட்ட முடியவில்லை. வால்வு இருந்த இடத்தில் குழாயின் வாயை ஒரு தகடு வைத்து மூடிவிட்டு வந்தார்கள். அந்த வாய் பம்புக்குப் பக்கத்தில் இல்லை. பல அடி உயரத்தில், குழாய்களுக்கும் கருவிகளுக்கும் இடையே இருந்தது. பம்பின் அருகே நிற்பவர் கண்ணில் அது படாது.

மாலை 6 மணியையொட்டி ஷிப்ட் மாறியது. ஒப்பந்தப் பணியாளர்களின் மேற்பார்வையாளர் பர்மிட்டைக் கண்ட்ரோல் ரூமுக்குக் கொண்டுவந்தார். வேலை முடியாததால் அது தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்ட பர்மிட் ஆனது. அந்த மேடையில் அப்படிப்பட்ட பர்மிட்டுகளைக் கண்ட்ரோல் ரூமில் வைப்பதில்லை, பாதுகாப்பு அலுவலகத்தில்தான் வைப்பார்கள். இரண்டு பர்மிட்டுகளில் ஒன்று மற்றொன்றைக் குறிப்பிடவும் இல்லை. ஏ பம்பு பராமரிப்பில் இருக்கிறது என்ற செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வால்வு கழற்றப்பட்ட செய்தி போகவில்லை.

இரவு சுமார் 9.45 மணிக்கு பி பம்பு நின்றுவிட்டது, திரும்ப ஓட்டிப் பார்த்தும் ஓடவில்லை. கண்டென்சேட்டை வெளியே தள்ளாவிட்டால் எரிவாயு உற்பத்தி நின்று, மேடைக்கு மின்சாரம் தரும் இயந்திரங்களுக்கும் சிக்கல் வரும். ஏ பம்பின் பர்மிட்டை எடுத்துப் பார்த்தார்கள். பிரிக்கும் வேலை தொடங்கவே இல்லை என்பதால், மின்சாரத்தை மீண்டும் கொடுத்தால் ஓட்டிவிடலாம். கையில் இருந்த தகவலை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். ஏ பம்பை ஓட்டியபோது தகடு அழுத்தத்தைத் தாங்கவில்லை. 10 மணியளவில் கசிந்த வாயு பற்றி வெடித்தது. பம்பை இயக்கப்போனவர்கள் உயிரோடு திரும்பாததால், நடந்ததைச் சான்றுகளைக் கோத்துத்தான் கல்லன் பிரபுவின் விசாரணை கண்டறிய வேண்டியிருந்தது. 167 பேர் இறந்தார்கள்.

இத்தனை பேர் இறந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் ஒன்று நம் பேச்சோடு நேராகச் சேர்கிறது. கடலுக்கடியில் முக்குளிப்பவர்கள் வேலை செய்யும்போது, தண்ணீர் உறிஞ்சும் வாயில் அவர்கள் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தீயணைப்பு டீசல் பம்புகளைத் தானாக இயங்கும் நிலையிலிருந்து கையால் இயக்கும் நிலைக்கு மாற்றிவைப்பது அங்கே வழக்கம். அன்று இரவும் அப்படித்தான் இருந்தன. தீ மூண்டபின் அவற்றிடம் போய்ச்சேர யாராலும் முடியவில்லை. உடைந்த கருவியைக் குறிப்பில் எழுதுவோருக்கும், நல்ல நிலையில் இருந்தும் வேண்டுமென்றே முடக்கிவைத்த பாதுகாப்புக் கருவியை எழுதத் தோன்றுவதில்லை. வழக்கமாகிப்போனது யார் கண்ணையும் உறுத்தாது.

அன்று மாலை குறிப்பு எப்படி இருந்திருக்க வேண்டும்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“ஏ பம்பு: ஓட்டக்கூடாது. காரணம் இரண்டு. பராமரிப்புக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்டுள்ளது, பிரிக்கும் வேலை தொடங்கவில்லை. தவிர, இதன் ரிலீஃப் வால்வு கழற்றப்பட்டுள்ளது. குழாயின் வாயில் தகடு மட்டுமே இருக்கிறது, அழுத்தம் தாங்கும் என்று நம்ப வேண்டாம். இடம் மேலே, பம்பின் அருகிலிருந்து தெரியாது. இரண்டாவது பர்மிட் பாதுகாப்பு அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டு பர்மிட்டும் மூடும்வரை மின்சாரம் கொடுக்க வேண்டாம். பி பம்பு நின்றால் மாற்று இல்லை, உற்பத்தியை நிறுத்த வேண்டியதுதான். தீயணைப்பு டீசல் பம்புகள் கையியக்கத்தில் உள்ளன. முக்குளிப்பவர்கள் மேலே வந்ததும் மாற்றவும்.”

இதில் நான் முக்கியமாக நினைப்பது பி பம்பைப் பற்றிய வாக்கியத்தை. நம் லாக் புத்தகங்களில் பெரும்பாலும் எழுதப்படுவது, அந்த ஷிப்டில் என்னென்ன வேலை நடந்தது என்ற கணக்கு. மேலதிகாரி பார்ப்பதற்கு அது உதவும். உள்ளே வருபவருக்கு வேண்டியது வேறு. இன்றிரவு ஏதாவது நின்றால் என் கை எதை நோக்கிப் போகும், அதைத் தொடலாமா கூடாதா என்பதே அவர் கேள்வி. எழுதுபவர் அந்த நெருக்கடியை முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும். பர்மிட் எண்ணின்படி அடுக்காமல் இயந்திரத்தின் பெயரின்கீழ் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால், ஒரே பம்பின் மேல் இரண்டு பர்மிட் இருப்பது தானாகவே கண்ணில் படும்.

அளவீடுகளை எழுதும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 1984 டிசம்பர் 2 இரவு, போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 10.45 மணிக்கு ஷிப்ட் மாறியது. அதற்குச் சற்றுமுன் 610ஆம் எண் தொட்டியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு. புதிதாக வந்தவர் 11 மணியளவில் பார்த்தபோது 10 பவுண்டு. வழக்கமான வரம்புக்குள் இருந்ததால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டு எண்ணிலும் குறை சொல்ல முடியாது. சேர்த்துப் பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து மடங்கு ஏறியிருப்பது தெரிந்திருக்கும். ஆகவே “அழுத்தம் 2” என்று மட்டும் எழுதாமல், “ஷிப்ட் முழுக்க 2, ஏறவில்லை, ஏறினால் காரணம் பார்க்கவும்” என்று எழுத வேண்டும்.

எழுதிவிட்டால் மட்டும் போதாது. கண்ட்ரோல் ரூமில் இருவரும் உட்கார்ந்து படித்து, வந்தவர் தாம் புரிந்துகொண்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்லி, சந்தேகமான இடத்தை இருவரும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். இதற்கான நேரத்தைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாக நிர்வாகம் கொடுக்காவிட்டால் நடக்காது. பஸ் காத்திருக்கும்போது யாரும் நின்று பேசமாட்டார்கள்.

1990இல் வெளியான கல்லன் அறிக்கை 106 பரிந்துரைகளைச் செய்தது. பர்மிட் முறையையும் ஷிப்ட் மாற்றத்தையும் சீராக்குவது அவற்றில் அடக்கம். பிரிட்டனில் அத்தனையும் ஏற்கப்பட்டன. நீங்கள் ஆலையில் வேலை செய்பவரானால், நிறுத்திவைத்த பர்மிட்டுகள் உங்கள் இடத்தில் எந்த அறையில், யாரிடம் இருக்கின்றன என்று அடுத்த ஷிப்டில் பார்த்துவிடுங்கள். இயந்திரத்தை ஓட்டும் முடிவை எடுப்பவர் உட்காரும் அறையில் அவை இல்லையென்றால், அதை அன்றே எழுதிக் கேளுங்கள்.