தட்டின் பின்பக்கம் சொல்லும் விலை

18-ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்டஜென் சூளைகளில் சுட்ட நீல-வெள்ளைப் பீங்கான் தட்டுகள், கான்டன் துறைமுகத்திலிருந்து லட்சக்கணக்கில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. இன்றும் இங்கிலாந்து, ஹாலந்து ஏலங்களில் அவை அடிக்கடி வருகின்றன. அப்படி ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஒரு சாண் அகலம். ஆற்றங்கரை, மண்டபம், சின்னப் பாலம், அதன்மேல் நடந்து போகும் ஒருவர். படத்தின் குறுக்கே தலைமுடி அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. தட்டைத் திருப்பினால், அந்தக் கோட்டுக்குக் குறுக்காக நான்கு பித்தளைக் கம்பிகள் வரிசையாக இறங்கியிருக்கின்றன, காகிதத்தில் அடிக்கும் ஸ்டேப்பிள் பின்னைப் போல.

இந்தத் தட்டு இரண்டாக உடைந்து, ஒட்டுக்காரர் ஒருவர் கையில் உயிர் பிழைத்தது. அன்றைக்குப் பரவலாகப் பயன்பட்ட பசைகளில் வஜ்ரமும் அரக்கும் உண்டு. வஜ்ரம் வெந்நீரில் கரைந்துவிடும், அரக்கு சூட்டில் இளகிவிடும். சூடான சாப்பாடு பரிமாறி, வெந்நீரில் கழுவும் தட்டுக்கு இரண்டும் உதவாது. அதனால் உலோகத்தால் தைத்தார்கள். வைரம் பதித்த துளைக்கருவியை வில்லால் சுழற்றி, உடைந்த கோட்டின் இரு பக்கமும் பாதி ஆழத்துக்கு மட்டும் துளை போடுவார்கள். துளை முன்பக்கம் வரை போகக் கூடாது. கம்பியின் இரு கால்களும் துளைகளுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடச் சற்றே நெருக்கமாக இருக்கும். அவற்றை விரித்து உள்ளே இறக்கியதும் கம்பி தன் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பே இரண்டு துண்டுகளையும் இறுக்கிப் பிடிக்கிறது. வைரத் துளைக்கருவி இல்லாதவன் பீங்கான் வேலையை ஏற்காதே என்று சீனாவில் ஒரு பழமொழியே உண்டு.

கம்பி கண்ணெதிரே தெரிகிறது என்பதால் அதில் ஏமாற்று இல்லை. ஏமாற்று, அதைப் பிடுங்கிய பிறகு தொடங்குகிறது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அரால்டைட் போன்ற எப்பாக்ஸி பசைகள் வந்ததும் தைக்கும் தொழில் தேய்ந்தது. பழைய கம்பிகளை எடுத்துவிட்டு, எப்பாக்ஸியால் ஒட்டி, துளைகளை அடைத்து, மேலே வெள்ளை பூசிய தட்டுகள் சந்தையில் நிறைய உண்டு. தட்டின் பின்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோட்டின் இரு புறமும் இரண்டிரண்டாக மங்கிய புள்ளிகள் தெரிந்தால் அங்கே கம்பிகள் இருந்திருக்கின்றன. இரும்புக் கம்பியாக இருந்திருந்தால் துருக்கறையும், பித்தளையாக இருந்திருந்தால் பச்சைக் களிம்பின் சாயலும் எஞ்சியிருக்கலாம்.

ஒட்டு மட்டும் போட்ட உடைப்பைக் காது கண்டுபிடித்துவிடும். தட்டை விரல் நுனிகளில் தாங்கி, விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டினால், முழுத் தட்டு மணிபோல நீண்டு ஒலிக்கும். ஒட்டிய தட்டில் ஒலி மழுங்கி உடனே அடங்கிவிடும். ஆனால் பொம்மைகளுக்கும் மூடிய ஜாடிகளுக்கும் இந்தச் சோதனை பயன்படாது. நல்ல நிலையிலேயே அவை ஒலிப்பதில்லை. சூளையிலேயே விழுந்த விரிசலையும் உடைப்பென்று எண்ணிவிடக் கூடாது. அதன் ஓரங்கள் மழுங்கி, கண்ணாடிப் பூச்சு உள்ளே வழிந்திருக்கும். வாங்குபவர்கள் அதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

கடினமானது மேல்பூச்சு. பீங்கானின் நீலம் கோபால்ட் நிறமி. அதை மண்ணின்மேல் தீட்டி, அதற்கு மேல் கண்ணாடிப் பூச்சு ஊற்றி, 1,300 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் சுடுகிறார்கள். ஒட்டிய தட்டைத் திரும்ப அந்தச் சூட்டுக்குள் வைத்தால் பசை எரிந்துபோகும். ஆகவே பழுது பார்ப்பவர் சுடாத வண்ணத்தையும் வார்னிஷையும் மேலே பூசித்தான் ஆக வேண்டும். அவருடைய கை எவ்வளவு தேர்ந்ததானாலும் அந்த நீலம் கண்ணாடிக்கு மேலே உட்கார்ந்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அசல் நீலம் ஆழத்தில் தெரியும், அதன்மேல் நுண்ணிய காற்றுக் குமிழிகள் மிதக்கும். பூசிய நீலத்தில் குமிழி இருக்காது. தூசியும், சில வேளை தூரிகையின் ஒரு மயிரும் ஒட்டியிருக்கும். உதட்டில் வைத்துப் பார்த்தால் கண்ணாடி சில்லிடும், பூச்சு அவ்வளவு குளிர்ந்திருக்காது. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் எப்பாக்ஸி பெரும்பாலும் வெளிறிய நீலமாக ஒளிரும், பழைய அரக்கு செம்மஞ்சளாகத் தெரியும். ஆனால் புற ஊதா ஒளியில் காட்டிக்கொடுக்காத பொருள்களும் இப்போது இருக்கின்றன. விளக்கில் ஒன்றும் தெரியவில்லை என்பதை நற்சான்றிதழாகக் கொள்ள முடியாது. அசிட்டோனால் துடைத்தால் பூச்சு கரைந்து உண்மை வெளிவரும். விற்பவரின் அனுமதி இல்லாமல் அதைச் செய்வது அவருடைய பொருளைக் கெடுப்பதாகும்.

என் கணிப்பில் விலையை அதிகம் அடிப்பது இந்தப் பூச்சுதான். அரை அங்குலம் பெயர்ந்த விளிம்பை மறைக்க, நிறம் திடீரென்று மாறாமலிருக்கச் சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலம் பூசிவிடுவார்கள். அடியில் பெயர்ந்தது எவ்வளவு, நலமாக இருப்பது எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாத சேதத்துக்கு அவர் மோசமான கணக்கையே போட்டு விலை கேட்பார். பத்து இருபது ஆண்டுகளில் பூச்சு மஞ்சளாகும்போது அதை அகற்றித் திரும்பப் பூசும் செலவும் அவர் தலையில் விழும். கம்பி போட்ட தட்டில் இந்தக் குழப்பம் இல்லை. உடைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அப்படியே தெரிகிறது.

அதற்காக நம் நான்கு கம்பித் தட்டு நல்ல விலைக்குப் போய்விடாது. குறையில்லாத தட்டு 20,000 ரூபாய் பெறும் என்று வைத்துக்கொண்டால், இதற்கு 4,000, 5,000 கிடைத்தாலே நல்ல விலை. காரணம் எளிது. அதே காலத்து, அதே படத்துத் தட்டு உடையாமலும் கிடைக்கிறது. சேகரிப்பவர் அடுத்த ஏலம் வரை காத்திருப்பார். அபூர்வமான பொருளில் அந்தக் காத்திருப்புக்கு இடமில்லாததால் தள்ளுபடி குறைகிறது. ஜெர்மனியின் மைசென் பொம்மைகளில் விரலோ பூவிதழோ பழுது பார்க்கப்பட்டிருப்பதைச் சேகரிப்பவர்கள் ஓரளவு எதிர்பார்த்தே வாங்குகிறார்கள். முகம் மாற்றப்பட்டிருந்தால் பேரமே வேறு.

இந்தக் கணக்குக்கு முழுமையாக வெளியே நிற்கும் ஒரு கிண்ணம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனாவின் லுங்சுவான் சூளையில் சுட்ட, தென் சோங் காலத்துப் பசுநிறக் கிண்ணம். 15-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்தபோது விரிசல் விட்டது. இதேபோல் இன்னொன்று வேண்டுமென்று அவர் சீனாவுக்கு அனுப்பினார் என்றும், அந்தத் தரத்தில் இனிச் செய்ய முடியாதென்று இரும்புக் கம்பிகளால் தைத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்றும் சொல்கிறார்கள். பெரிய வெட்டுக்கிளிகள் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும் அந்தக் கம்பிகளாலேயே அதற்கு ‘பகோஹான்’ என்ற பெயர் வந்தது. அதன் புகழுக்குக் காரணம் கம்பி மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. தைப்பதற்கு முன்பே அது ஈடு இல்லாத கிண்ணம். அந்தக் கதையைச் சொல்லி, சாதாரணக் கம்பித் தட்டுக்குக் கூடுதல் விலை கேட்பவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

வாங்கும்போது “நல்ல நிலையில் இருக்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “எந்த இடத்தில் ஒட்டு, எவ்வளவு தூரத்துக்குப் பூச்சு, கம்பித் துளை அடைத்திருக்கிறதா?” என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கம்பி போட்ட தட்டு வீட்டில் ஏற்கெனவே இருந்தால் கம்பியைப் பிடுங்கக் கூடாது. இழுக்கும்போது துளையின் ஓரம் பெயர்ந்து புது விரிசல் ஓடும். தட்டை நீரில் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும்.