வீடியோவில் தெரியும் காற்று எத்தனை கிலோமீட்டர்?

புயல் சின்னம் உருவானதும் கைபேசிகளில் வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். மொட்டை மாடியிலிருந்து எடுத்த இருபது விநாடிக் காட்சி ஒன்று வரும். தென்னை ஆடும், கொடி படபடக்கும். கீழே "எங்க ஏரியாவுல 100 கிலோமீட்டர் வேகம்" என்று எழுதியிருக்கும். அது 100 தானா, 30-ஆ என்று கருவி எதுவும் இல்லாமல், அந்த வீடியோவை வைத்தே ஓரளவு சொல்லிவிட முடியும்.

இதற்கு அடிப்படை போஃபோர்ட் அளவுகோல். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-ல் கப்பல் பாய்களை வைத்துக் காற்றை வகைப்படுத்தினார். 1906-ல் ஜார்ஜ் சிம்சன் என்ற வானிலையாளர் அதே அளவுகோலைத் தரையில் தெரியும் அடையாளங்களுக்குப் பொருத்தினார். புகை நேராக மேலே போனால் காற்றே இல்லை. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்து, லேசான கொடி விரிந்து நின்றால் மணிக்கு 12 முதல் 19 கி.மீ. தூசியும் காகிதமும் எழும்பிச் சிறு கிளைகள் ஆடினால் 20 முதல் 28. பெரிய கிளைகளே ஆடினால் 39 முதல் 49. முழு மரமும் ஆடினால் 50 முதல் 61. மரம் வேரோடு சாய்வது 89-ஐத் தாண்டிய பிறகுதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது அந்த வகைக் காற்று.

அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டால் மட்டும் போதாது. புகை, கொடி, மரம் மூன்றும் காற்றை மூன்று விதமாகக் காட்டுகின்றன. எதில் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

புகைக்குச் சொந்த வேகம் கிடையாது. காற்று போகும் வேகத்திலேயே பக்கவாட்டில் நகரும். அதனால் புகையில் தூரத்தையும் நேரத்தையும் அளந்தால் வேகம் நேரடியாகக் கிடைத்துவிடும். ஆனால் காற்று வலுத்தால் புகை சிதறிக் கலைந்துவிடும். மென்காற்றுக்கும் நடுத்தரக் காற்றுக்கும்தான் அது உதவும்.

கொடியில் பார்க்க வேண்டியது அது கம்பத்திலிருந்து எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பதை. தொலைதூரத் துப்பாக்கி சுடுபவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. கம்பத்துக்கும் கொடிக்கும் இடையிலான கோணத்தை நான்கால் வகுத்தால் மணிக்கு இத்தனை மைல் என்பார்கள். நம் கணக்கில், கோணத்தை 0.4-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 60 பாகைக்கு 24 கி.மீ. துணி கனமாக இருந்தாலோ மழையில் நனைந்திருந்தாலோ கொடி தாழ்ந்து நின்று வேகத்தைக் குறைத்துக் காட்டும். மெல்லிய பாலியஸ்டர் துணி எளிதில் விரிந்து கூட்டிக் காட்டும். கொடி ஒருமுறை முழுதாக நீண்டுவிட்டால் அதற்கு மேல் கோணம் எதுவும் சொல்லாது. பிறகு படபடப்பு எவ்வளவு வேகமாகிறது என்பதுதான் மிச்சமிருக்கும் தடயம்.

மரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வேகமாக ஆடினால் காற்று பலம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஊஞ்சலைப் போல ஒவ்வொரு மரத்துக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட நேரம் உண்டு. உயரத்தையும் தண்டின் விறைப்பையும் பொறுத்து அது அமையும். மென்காற்றிலும் பலத்த காற்றிலும் ஒரே தென்னை கிட்டத்தட்ட ஒரே தாளத்தில்தான் போய்வரும். மாறுவது எவ்வளவு தூரம் வளைகிறது, காற்றுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தே நிற்கிறதா என்பதுதான். ஆகவே மரத்தில் சாய்வையும், ஆடுவது இலையா, கிளையா, தண்டா என்பதையும் பாருங்கள்.

இப்போது மாதிரிக்கு ஒரு வீடியோவைப் படித்துப் பார்ப்போம். இருபது விநாடிக் காட்சி. தெரு படத்தின் இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடுகிறது. தெருமுனையில் குப்பை எரியும் புகை, ஒரு கட்சிக்கொடி, ஒரு வேப்பமரம், பின்னால் தென்னை. வேகம் 100 கி.மீ. என்று தலைப்பு.

புகையின் ஒரு கற்றை முதல் மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு 125 பிரேம்களில் போகிறது. விநாடிக்கு 25 பிரேம் என்றால் 5 விநாடி. கம்பங்களுக்கு இடையே 30 மீட்டர் என்று கொண்டால் விநாடிக்கு 6 மீட்டர், 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு சுமார் 22 கி.மீ. கொடி 55 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில் ஏறி இறங்குகிறது. கணக்குப்படி 22 முதல் 28. வேம்பில் சிறு கிளைகள் மட்டும் ஆடுகின்றன, பெருங்கிளைகள் அசையவில்லை. அதுவும் 20 முதல் 28. மூன்றும் ஒத்துப்போகின்றன. பன்னிரண்டாம் விநாடியில் மட்டும் தென்னையின் மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்க, வேம்பின் பெருங்கிளைகளும் இரண்டு மூன்று விநாடி ஆடி அடங்குகின்றன. அது 40-ஐத் தொட்ட ஒரு வீச்சு. 100 கி.மீ. என்றால் அந்த வேம்பு நின்றிருப்பதே சந்தேகம்.

மூன்று சாட்சிகளையும் சேர்த்துக் கேட்பதில் இன்னொரு பலனும் இருக்கிறது. யாராவது வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருந்தால் புகைக் கணக்கு 44 என்று வரும். ஆனால் கொடியின் கோணமும் மரத்தின் சாய்வும் ஓட்டத்தின் வேகத்தால் மாறாதவை. அவை 25-ஐயே சொல்லிக்கொண்டிருக்கும். இப்படி முரண்பட்டால் வீடியோவைச் சந்தேகிக்கலாம். காட்சியில் யாராவது நடந்தால் காலடியை எண்ணுங்கள். சாதாரண நடையில் விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடிதான் விழும்.

கோணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. காற்று கேமராவை நோக்கியோ அதற்கு எதிராகவோ வீசினால் புகை நகர்வதே தெரியாது. கொடி குட்டையாகத் தெரியும், நன்றாகத் தூக்கி நின்றாலும் தொங்குவதுபோல இருக்கும். அப்போது இரண்டையும் விட்டுவிட்டு மரத்தின் எந்தப் பகுதி ஆடுகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டும். ஒலியை நம்பவே கூடாது. கைபேசி மைக்கில் இதமான காற்று நேராகப் பட்டாலே புயல்போல இரையும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் டபிரியின் குழு 2019-ல் இந்த வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தது. கலிஃபோர்னியாவில் ஒரு கொடியையும் ஒரு மரத்தையும் படமெடுத்து, அருகிலேயே காற்றுமானியும் வைத்து, இரண்டு விநாடித் துண்டுகளாகக் காட்டிப் பழக்கினார்கள். கணினியின் பிழை, காற்று தானாகவே விநாடிக்கு விநாடி ஏறி இறங்கும் அளவை நெருங்கும் அளவுக்குக் குறைந்தது. ஆனால் அவர்கள் பழக்கிய காற்று மணிக்கு ஏறத்தாழ 40 கி.மீ. வரைதான். அதைத் தாண்டிய காற்றுக்கு அந்த முடிவு பொருந்தும் என்று சொல்ல முடியாது.

நம் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. போஃபோர்ட் எண்கள் பத்து மீட்டர் உயரத்தில் பத்து நிமிடம் அளந்த சராசரியைக் குறிப்பவை. வீடியோவோ இருபது விநாடி. அதிலும் காற்று உச்சத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலோர் கைபேசியை எடுக்கிறார்கள். அதனால் ஒற்றை எண்ணைச் சொல்லாமல், வானிலை அறிக்கையில் வருவதுபோல, "20 முதல் 28 கி.மீ., இடையிடையே 40" என்று வரம்பாகச் சொல்வதே சரி. கொடி மட்டும் தெரியும் வீடியோவாக இருந்தால் அந்த வரம்பை இன்னும் அகலமாக வைத்துக்கொள்ளுங்கள்.