முதல் நிமிடத்தில் கேட்பது என்ன?

பிரெஞ்சு மொழியின் தொடக்கநிலைத் தேர்வான டெல்ஃப் ஏ1-இல் பேச்சுப் பகுதி 5 முதல் 7 நிமிடம் வரை போகும். அதற்கு முன் 10 நிமிடம் தயாரிப்பு நேரம் உண்டு. ஆனால் அது பின்னால் வரும் இரண்டு பகுதிகளுக்குத்தான். முதலில் வரும் அறிமுகத்துக்குத் தனி அவகாசம் கிடையாது, உட்கார்ந்ததுமே தொடங்கிவிடும்.

அதனால்தான் பலரும் ஒரு சிறு உரையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். எனக்கு அது தவறான வழியாகவே படுகிறது. ஏனென்றால் அந்த ஒரு நிமிடமும் கேள்வி பதில்தான். பெயர், ஊர் என்று நீங்கள் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே தேர்வாளர் இடைமறித்து, உடன்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்பார். உரையை நம்பிப் போனவர் அங்கே தடுமாறி, மறுபடி பெயரிலிருந்து ஆரம்பிப்பார். கேள்வி புரியவில்லை என்பது தேர்வாளருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

புதுச்சேரியில் வேலை பார்க்கும் ஒரு செவிலியரை எடுத்துக்கொள்வோம். என்ன வேலை என்று கேட்டால், 'ஜ ஸ்வீ அன்ஃபிர்மியேர்' (நான் செவிலியர்) என்பது போதுமான பதில். 'புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன்' என்று இன்னொரு வாக்கியம் சேர்த்தால் நல்ல பதில். தொழிலைச் சொல்லும்போது 'ஒரு' என்பதற்கான 'யுன்' வேண்டாம். ஆங்கிலப் பழக்கத்தில் அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வயதிலும் அதே பழக்கம்தான் காலை வாரும். 'ஜ ஸ்வீ' என்று தொடங்கக் கூடாது, 'ஜே த்ராந்த் ஆன்' (எனக்கு 30 வயது) என்று சொல்ல வேண்டும். குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது அப்பாவுக்கு 'மோன் பேர்', அம்மாவுக்கு 'மா மேர்'. பொழுதுபோக்குக்கு 'ஜேம்' (எனக்குப் பிடிக்கும்) என்று தொடங்கி, எப்போது, யாருடன் என்று ஒரு விவரம் சொன்னால் போதும்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடத்தில்தான். ஆங்கிலத்தில் நாம் 'ஜி' என்று சொல்லும் எழுத்துக்குப் பிரெஞ்சில் பெயர் 'ஜே'. நாம் 'ஜே' என்பதற்கு அங்கே 'ஜி'. கீதா தன் பெயரை ஆங்கில முறையில் சொன்னால், தேர்வாளரின் தாளில் முதல் எழுத்தே மாறிவிடும். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினால் கவனித்துத் திருத்தலாம்.

கேள்வி காதில் சரியாக விழவில்லையா? 'வூ பூவே ரெப்பெத்தே, சில் வூ ப்ளே?' என்று திரும்பச் சொல்லக் கேளுங்கள். இந்த நிலையில் தேர்வாளர் மெதுவாகத் திரும்பக் கேட்பது இயல்பு. தேர்வாளரை 'த்யூ' என்று ஒருமையில் அழைக்காமல் 'வூ' என்று மரியாதையாகவே பேச வேண்டும். உள்ளே போனதும் 'போன்ஜூர்', கிளம்பும்போது 'ஓ ருவார்' சொல்வதையும் தேர்வாளர் கவனிப்பார்.