ஸ்கிரீன்ஷாட் ஏன் மஞ்சளாகிறது?

இரவில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைக் குடும்பக் குழுவில் போட்டதும், "என்ன இது, வெள்ளையெல்லாம் மஞ்சளா இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். கண் கூசாமலிருக்கப் போட்டுவைத்த நீல ஒளி வடிகட்டி காரணமாக இருக்கலாம். ஆனால் எல்லா வடிகட்டிகளும் இந்த வேலையைச் செய்வதில்லை.

ஆண்ட்ராய்டு, விண்டோஸ் இரண்டிலும் உள்ள நைட் லைட்டும், ஐபோனின் நைட் ஷிஃப்டும் பெரும்பாலும் படம் தயாரான பிறகு, அது திரைக்குப் போகும் கடைசிக் கட்டத்தில்தான் நீலத்தைக் குறைக்கின்றன. ஸ்கிரீன்ஷாட் அதற்கு முன்பே பதிவாகிவிடும். அதனால் வழக்கமாக நிறம் கெடாது. வம்பு செய்பவை நாமே தரவிறக்கும் சில செயலிகள். அவை திரைமேல் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய படலம் ஒன்றை விரிக்கின்றன. போனுக்கு அதுவும் திரையில் உள்ள இன்னொரு பொருள்தான். ஆகவே படத்தோடு சேர்ந்து பதிவாகிறது.

சிவப்பு 255, பச்சை 140, நீலம் 0 என்ற ஆரஞ்சுப் படலம் 30 சதவீத அடர்த்தியில் விரிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றுமே 255 ஆக இருந்த வெள்ளை, ஏறத்தாழ 255, 220, 178 என்று மஞ்சளாகிறது. கறுப்பும் தப்பாது: மூன்றும் 0 ஆக இருந்தது 76, 42, 0 என்று பழுப்பாக வெளுக்கிறது. எழுத்து மங்கித் தெரிவது இதனால்தான். கடைசிக் கட்டத்தில் நீலத்தைக் குறைக்கும் வடிகட்டியில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

வடிகட்டியை அணைக்காமலே சோதிக்கலாம். எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அதே திரையில் திறந்து, அதன் வெள்ளையைச் சுற்றியுள்ள மெனுவின் வெள்ளையோடு ஒப்பிடுங்கள். படத்தின் வெள்ளை கூடுதல் மஞ்சளாக இருந்தால் நிறம் கோப்புக்குள்ளேயே ஏறிவிட்டது. இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்பில் கோளாறில்லை.

ஏறியிருந்தால், படம் எடுக்கும்போது மட்டும் அந்தச் செயலியை நிறுத்திவைக்கலாம். அதைவிட, அதற்குத் தந்த "Display over other apps" அனுமதியை எடுத்துவிட்டு, போனிலேயே உள்ள வடிகட்டிக்கு மாறிவிடுவது நல்லது. தினமும் நிறுத்திப் போட யாருக்கு நினைவிருக்கும்? ஏற்கெனவே மஞ்சளான படத்தில் வெள்ளையை மட்டும் சரிசெய்தால் பழுப்பு போகாது. எடிட்டிங் செயலியில் கறுப்புப் புள்ளியையும் வெள்ளைப் புள்ளியையும் சேர்த்துக் குறித்தால் எழுத்துப் பக்கங்கள் ஓரளவு தேறும்.

கணினித் திரையை போன் கேமராவால் படம்பிடித்தால் எந்த வடிகட்டியானாலும் நிறம் விழும், அணைத்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும். சொந்த கேமராவில் எடுக்கும் புகைப்படங்களை வடிகட்டி தொடுவதில்லை. ஆனால் மஞ்சள் திரையைப் பார்த்து ராத்திரியில் நிறம் திருத்துகிறவர்கள், தங்களை அறியாமல் நீலத்தைக் கூட்டிவிடுகிறார்கள். காலையில் வடிகட்டி தானாக அணைந்ததும் படத்தில் முகமெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும்.