ஒரே ஆயில், முப்பது வருடம்

சென்னையில் அம்பாசடர் டீசல் டாக்ஸி ஓட்டிய பெரியவர் ஒருவர், முப்பது வருடமாக ஒரே கம்பெனியின் 20W-40 ஆயிலைத்தான் ஊற்றினார். இஞ்சின் பிரிக்கப்படாமலே ஓடியதற்கு அந்த ஆயில்தான் காரணம் என்று அடித்துச் சொல்வார். பிறகு வாங்கிய பெட்ரோல் காருக்கும் அதையே கேட்டார். அந்தக் காரின் கையேட்டில் இருந்ததோ 5W-30.

மெக்கானிக் வாதாடவில்லை. அதே கம்பெனியின் இரண்டு ரகங்களையும் இரண்டு டம்ளர்களில் ஊற்றிச் சாய்த்துக் காட்டினார். 5W-30 சட்டென்று வழிந்தது. 20W-40 தேன்போல மெல்ல இறங்கியது. “பேரு ஒண்ணுதாண்ணே, ஆயில் வேற” என்றார்.

W-க்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ளது சூடான இஞ்சினில் அதன் தடிமனையும் குறிக்கும். இரண்டிலும் எண் குறைந்தால் ஆயில் இளக்கம். புது இஞ்சின்களின் இடைவெளிகள் நுணுக்கமானவை. காலையில் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். அந்தச் சில நொடிகள் டப்பெட் சத்தம் கேட்கலாம், பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். கையேடு சொல்லும் தடிமனும் டப்பாவில் உள்ள ஏபிஐ தரக்குறியும் பொருந்தினால், வேறு நல்ல கம்பெனியின் ஆயிலும் அதே வேலையைச் செய்யும்.

பெரியவர் சொன்னது முழுக்கத் தவறில்லை. அம்பாசடருக்கு அந்தத் தடிமன் ஒத்துப்போனது. அதைவிட முக்கியம், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் தவறாமல் மாற்றியிருந்தார். இஞ்சினைக் காத்தது பெரும்பாலும் அந்தப் பழக்கமே. புதுக் காருக்கு 5W-30 வாங்கினார், அதே கம்பெனியில்.