சார் கேட்டார், முடியாது என்றேன்

தீபாவளி முடிந்த மறு வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, சார் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு முறுக்கு டின். ஆறாம் ஆண்டில் எனக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தவர். இப்போது பணி ஓய்வு பெற்று, எங்கள் பகுதியில் ஒரு கட்சியின் கிளைத் தலைவராக இருக்கிறார். டின்னை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர், சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"நகராண்மைக் கழகத்துக்கு நம்ம கிளையிலேருந்து ஒரு பேர் கேக்கறாங்க. உன் பேரைச் சொல்லலாம்னு இருக்கேன். முதல்ல நீ கட்சியில சேரணும். பாரம் கொண்டாந்திருக்கேன்."

தமிழ்நாட்டு உறவினர்களிடம் இதைச் சொன்னபோது, "எந்த வார்டு? எத்தனை ஓட்டு?" என்று கேட்டார்கள். இங்கே வார்டும் இல்லை, ஓட்டும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. ஜார்ஜ் டவுனில் 1951-இல் நகராண்மைத் தேர்தல் நடந்தது. பிறகு அந்த மாநகரின் மேயராக இருந்த டி. எஸ். ராமநாதன், ஒரு தமிழர். இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965-இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலை மீண்டும் நடத்தலாம் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலையாக்கிவிட்டது. ஒரு மன்றத்துக்கு மேயர் அல்லது தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள். நியமிப்பது மாநில அரசாங்கம். நடைமுறையில், ஆளும் கட்சிகள் கொடுக்கும் பெயர்களிலிருந்துதான் பெரும்பாலும் பட்டியல் தயாராகும்.

இந்த வரலாற்றுக்கும் என் கதைக்கும் தொடர்பு உண்டு. தேர்தல் என்றால், ஒருவர் நிற்க மறுத்தால் வாக்காளருக்கு ஒரு வேட்பாளர் குறைவார், அவ்வளவுதான். நியமனத்தில் வாக்காளரே இல்லை. என் பெயரைத் தொகுதிக் கூட்டத்தில் சார் சொல்லும்போது, அங்கே எனக்கு இருக்கும் ஒரே ஆதரவு சாரின் வாய்ச்சொல். வேறு இரண்டு கிளைகள் தங்கள் ஆட்களை வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது, அவர் தன் மதிப்பைப் பணயம் வைத்து என்னை முன்னிறுத்துகிறார். அதனால், மறுப்பதாக இருந்தால் அந்தக் கூட்டத்துக்கு முன்பே மறுக்க வேண்டும். பிறகு மறுத்தால் அடி அவருக்குத்தான்.

இதை நான் ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், என் பெரியப்பா மகனை இதே போல ஒருவர் கேட்டார். அண்ணனுக்கு விருப்பமில்லை. முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு, "பார்க்கலாங்க" என்றார். நம்மிடையே "பார்க்கலாம்" என்றால் பாதி நேரம் "முடியாது" என்றுதான் பொருள். ஆனால் கேட்டவர் ஆசையோடு இருந்தார், அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். பெயர் மேலே போனது. அடையாள அட்டை நகலும் படமும் கேட்டு ஆள் வந்தபோதுதான் அண்ணன் வாயைத் திறந்தார். கேட்டவர் தன் கட்சிக்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றார். இன்றுவரை இருவரும் ஒரே திருமண மண்டபத்தில் வெவ்வேறு மூலையில்தான் உட்காருகிறார்கள்.

அதனால் நான் சாரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "எப்பக்குள்ள சொல்லணும் சார்?" அடுத்த சனிக்கிழமை தொகுதிக் கூட்டம் என்றார். "வியாழக்கிழமை ராத்திரி நானே வீட்டுக்கு வந்து சொல்றேன்," என்றேன். பாரத்தை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசை இருந்தது. எங்கள் தாமானில் பின்பக்க லோங்காங் மழைக்கு மழை நிரம்பி வழிவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். உறுப்பினராக இருந்தால் அதிகாரியை நேரில் கூப்பிட்டுக் கேட்கலாம். திங்கட்கிழமை முழுவதும் அந்த நினைப்பிலேயே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நிதானமாக யோசித்தபோது முடியாது என்று தெரிந்துவிட்டது. என்ன சொல்லி மறுப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். கைவசம் மூன்று சாக்குகள் இருந்தன. நேரமில்லை, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கணவர் அரசாங்க ஊழியர். மூன்றையும் என் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "நேரமில்லேன்னா, மாசத்துக்கு ஒரு முழுக் கூட்டம், ரெண்டு மூணு குழுக் கூட்டம்தான், நானே கார்ல கூட்டிட்டுப் போறேம்பாரு. அம்மான்னு சொன்னா, டீச்சரம்மா வந்து பார்த்துக்குவாங்கம்பாரு. மூணாவதைச் சொல்லவே சொல்லாதே."

அவர் சொன்னது சரி. கணவர் இடைநிலைப் பள்ளி ஆசிரியர், பட்டதாரி நிலை. 1993-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை, கட்டொழுங்கு விதிகளின்படி அந்தப் பிரிவில் இருப்பவர்கள் அரசியலில் தீவிரமாக ஈடுபடக் கூடாது. ஆனால் அந்தத் தடை ஊழியருக்குத்தான், மனைவிக்கு அல்ல. எதையாவது சொல்லித் தப்பிக்க நினைப்பவர்கள் இதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். சாரிடம் இது செல்லுமா? தலைமையாசிரியராக இருந்தவர். அந்த விதிக்குக் கட்டுப்பட்டு, ஓய்வு பெறும்வரை எந்தக் கட்சி மேடையிலும் ஏறாதவர். அவரிடம் போய் அந்த விதியைத் தப்பாகச் சொல்லுவது எவ்வளவு கேவலம்!

தீர்த்து வைக்கக்கூடிய காரணத்தைச் சொன்னால், பெரியவர்கள் உண்மையாகவே அதைத் தீர்த்து வைக்கக் கிளம்பிவிடுவார்கள். பிறகு இன்னொரு காரணம் தேட வேண்டும். மூன்றாவது சுற்றில் நாம் பொய் சொல்கிறோம் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

நான்காவதாக ஒரு செய்தியை வாட்ஸ்அப்பில் எழுதி வைத்திருந்தேன், "எனக்கு அந்தத் தகுதி இல்லை சார்" என்று. அனுப்பவில்லை. எனக்குத் தகுதி இருக்கிறது என்று யோசித்து முடிவு செய்துதானே அவர் வந்தார்? அடக்கம் போலத் தெரியும் அந்த வரி, அவருடைய கணிப்பைத் தவறு என்கிறது.

உண்மையான காரணம் என் தொழிலில் இருந்தது. நான் ஒரு சிறிய கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். என் வாடிக்கையாளர்களில் மூன்று பேர் குத்தகையாளர்கள். புல் வெட்டுவது, கால்வாய் துப்புரவு, சாலையோரச் சீரமைப்பு. மூவருமே எங்கள் நகராண்மைக் கழகத்தின் வேலைகளுக்கு விலை கொடுப்பவர்கள்.

வியாழக்கிழமை இரவு சார் வீட்டில் இதைச் சொன்னேன். முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டேன். "சார், என்னால முடியாது. வேற பேர் சொல்லுங்க. ஏன்னு சொல்றேன்." காரணத்தை முதலில் நீட்டி முழக்கியிருந்தால் அவர் நடுவிலேயே பதில் தேட ஆரம்பித்திருப்பார்.

சார் அப்படியும் விடவில்லை. "சட்டத்துலயே வழி இருக்கே. உனக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தா, சொல்லிட்டு ஒதுங்கிக்கோ." அதுவும் சரிதான். தனக்குப் பண நலன் உள்ள விஷயத்தை உறுப்பினர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அந்த விவாதத்தில் கலந்துகொள்ளாமல் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் நலன் என் நலனா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். ஆனால் ஒதுங்கி உட்கார்ந்தால் தீரக்கூடிய சிக்கல் அல்ல இது.

"சார், அந்தக் கால்வாய் வேலைக்கு அவருக்கு உண்மையா என்ன செலவாகுதுன்னு எனக்குத் தெரியும். ஆள் கூலி, லாரி வாடகை, லாபம் எல்லாம். நாளைக்குக் கூட்டத்துல அந்த விலை கூடுதலா வந்தா, உறுப்பினரா நான் சொல்லணும். கணக்காளரா நான் வாயைத் திறக்கக் கூடாது. வெளியே போய் உட்கார்ந்தாலும் எனக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதானே? அந்த மூணு பேரையும் விட்டுடலாம். ஆனா அவங்க மூணு பேரும் நான் கடை திறந்த முதல் வருஷத்துலேருந்து இருக்கிறவங்க."

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. டீச்சரம்மா வைத்த தே ஆறிக்கொண்டிருந்தது. "இதை நான் யோசிக்கலியே," என்றார் மெதுவாக. பிறகு, "உன் பேர் போயி, அப்புறம் எவனாவது இதைக் கிளறியிருந்தா கிளைக்கும் கெட்ட பேர்," என்றார். நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவரே அங்கே வந்து சேர்ந்தார்.

வருத்தம் இல்லாமல் இல்லை. முகத்தில் தெரிந்தது. "நம்ம பிள்ளைங்க படிச்சு வந்து உட்காரணும்னு ஆசைப்பட்டேன்," என்றார். அரசியலே சாக்கடை, நமக்கு எதற்கு என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. ஓய்வுக்காலத்தை அதில்தான் அவர் செலவிடுகிறார். எனக்கு ஒத்துவராததால் அது மட்டமான வேலை ஆகிவிடுமா?

இன்னொருவர் பெயரைச் சொல்லலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. எனக்குத் தெரிந்த ஓர் இளம் வழக்கறிஞர். அவரைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? என் பாரத்தைத் தூக்கி அவர் மேசையில் வைத்தது போல ஆகிவிடும். சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சொன்னேன். "யார் உறுப்பினரா வந்தாலும், வருஷத்துக்கு ஒரு நாள் சாயங்காலம், நகராண்மைக் கழக வரவு செலவுக் கணக்கை உங்களோட உட்கார்ந்து படிச்சுத் தரேன். கட்சி சம்பந்தமில்லாம. உங்க வீட்டுலயே." "எல்லா உதவியும் செய்றேன்" என்று சொல்லியிருந்தால் அது வெறும் வாய்ச்சொல்லாகப் போயிருக்கும்.

பாரத்தை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். முறுக்கு டின்னில் அம்மா அதிரசம் போட்டுக் கொடுத்திருந்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் சார் வேறொருவர் பெயரைச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. என்னை முதலில் கேட்டார் என்பதை நான் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. நியமனம் பெற்றவருக்கு, தான் இரண்டாவது ஆள் என்று தெரிய வேண்டிய அவசியம் என்ன? அவருடைய தவணை முடிந்து இப்போது வேறொருவர் இருக்கிறார். அதனால்தான், சாரிடம் படித்துக் காட்டிவிட்டு, இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

அந்த முதல் வருஷம் சார் வரவு செலவு நகலில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார், பள்ளியில் எங்கள் நோட்டில் போட்டது போலவே. கால்வாய்ப் பராமரிப்பு வரியைக் காட்டி, "இதுல நம்ம தாமான் லோங்காங் எங்கே இருக்கு?" என்று கேட்டார். தனியாக இல்லை, எல்லாத் தாமான்களுக்கும் சேர்த்து ஒரே தொகைதான் என்றேன். "அப்போ பிரிச்சுக் கேக்கணும்," என்று சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, உறுப்பினருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரியை அங்கேயே ஆரம்பித்தார்.